வழுக்காத இருபது பைசா

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். அழுகிற இடத்தில் சிரிப்பேன், திட்டு வாங்கும்போது சிரிப்பேன். மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டார் முன்னால் சிரித்து, அந்தச் சம்பந்தமே தட்டிப்போயிற்று. இப்படிப்பட்டவளை எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் டீச்சராகப் போட்டார்கள். ‘டீச்சர், ஆய்வுக்கு வர்றவர் முன்னாடி மட்டும் பல்லக் காட்டிடாதீங்க’ என்று எங்கள் தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பிளஸ் டூ வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எங்கள் அறிவியல் பிரிவில் மொத்தம் ஏழு பேர். ‘ஏழு பேருக்கு எதுக்குத் தனி குரூப்பு? ஆய்வுக்கூடமும் இல்லையே’ என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். ஆய்வு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் செய்முறை தெரிகிறது என்று எழுதினால்தான் பிரிவு தொடரும். இல்லையென்றால் ஏழு பேரும் படிக்க மலையடிவாரப் போளூருக்கு இறங்க வேண்டியதுதான்.

ஆறு பேர் இறங்கிவிடுவார்கள். ஏழாவது ஒரு பெண். வகுப்பில் அவள்தான் கணக்கில் சூரப்புலி. சாமை விதைத்தும் புளி உலுக்கியும் பிழைக்கிற அவளுடைய அப்பா, சேர்க்கும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்: ‘மலமேல இருக்கிற வரைக்கும் படிக்கட்டுங்க. கீழ அனுப்ப மாட்டேன். கீழன்னா வூட்லயே இருக்கட்டும்.’ அவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொன்னது.

ஆய்வுக்கூடம் என்று எங்களிடம் இருந்தது ஒரு பீரோ. உள்ளே இரண்டு காந்தம், உடைந்த முப்பட்டகம், எலி கடித்த வரைபடத்தாள். இதை வைத்து எதைச் செய்து காட்டுவது? யோசித்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து பஸ் ஏறினேன். மலைப்பாதை வளைவில் டிரைவர் கொஞ்சமும் வேகத்தைக் குறைக்கவில்லை. வழவழ ரெக்சின் சீட்டில் நான் அப்படியே சறுக்கிப் பக்கத்து அம்மாளின் மடிமேல் போய் விழுந்தேன். அடுத்த வளைவில் அந்த அம்மாள் என்மேல் விழுந்தார். ‘இன்னாமா, ஊஞ்சலா ஆட்றீங்க?’ என்று கண்டக்டர் கேட்க, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் என் காலடியில் இருந்த கோணிமூட்டை அசையவே இல்லை. சொரசொரப்பான மூட்டையைத் தரை பிடித்துக்கொண்டது, என்னை ரெக்சின் கைவிட்டுவிட்டது! இதையே செய்து காட்டினால் என்ன என்று அந்த வளைவிலேயே தோன்றிவிட்டது.

அடுத்த வாரம் போளூர் மைக் செட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். ‘ஊசி போன பொட்டிங்க. பாட்டு வராது’ என்றார் அவர். தட்டு சுற்றினால் போதும் என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

செய்முறை எளிது. பளபளப்பான காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் வரைந்து, சுழல் தட்டின்மேல் பொருத்தினோம். அதன்மேல் மஞ்சள் நிறத்து இருபது பைசா ஒன்று. தட்டு சுற்றும்போது காசு நேராக ஓடிவிடத்தான் பார்க்கும். அதை உள்பக்கமாக இழுத்து வட்டத்தில் வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக காசின் வேகம் கூடும், இழுத்துப் பிடிக்க வேண்டிய விசையும் கூடும். உராய்வோ ஓரளவுக்குமேல் தராது. அந்த அளவு தாண்டினால் காசு எகிறிவிடும். எந்தத் தூரத்தில் எகிறும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதில்தான் எங்கள் மானமே இருந்தது.

அதற்கு உராய்வை முதலில் அளக்க வேண்டும். அதே அட்டையைப் பலகைமேல் வைத்து, காசை வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கினோம். கிடைமட்டத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர் உயரம் வந்தபோது காசு வழுக்கியது. ஒன்பதை முப்பதால் வகுத்தால் புள்ளி மூன்று. அதுதான் உராய்வுக் கெழு. தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை ஒட்டிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. அந்தப் பெண் கரும்பலகையில் மடமடவென்று போட்டாள். எல்லைத் தூரம் நாலு புள்ளி நாலு சென்டிமீட்டர், எல்லை வேகம் நொடிக்கு முப்பத்தாறு சென்டிமீட்டர். தட்டு உதறாமல் இருக்க விரலால் பிடித்து மெல்ல விட்டோம். நாலில் வைத்த காசு நின்று சுற்றியது. ஐந்தில் வைத்தது விர்ரென்று பறந்து ஜன்னல் கம்பியில் டங்கென்று மோதியது. ஏழு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் பிரம்போடு ஓடிவந்தார். நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

ஆய்வு நாளும் வந்தது. பெற்றோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். அதிகாரி மெலிந்த ஆள், சிரிப்பே தெரியாத முகம். பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு ‘ம்’ என்றார். அந்த ஒரு ‘ம்’மிலேயே எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் முன்னால் வந்து கணீரென்று விளக்கினாள். ‘நாலு புள்ளி நாலுக்கு உள்ள நிக்கும் சார். தாண்டுனா எகிறிடும்.’

நாலில் வைத்தாள். நின்றது. ஐந்தில் வைத்தாள். தட்டு முழு வேகத்தில் சுற்றியது. காசு அசையவில்லை! அவள் என்னைப் பார்த்தாள். தட்டை நிறுத்தி ஆறில் வைத்தாள். அதிலும் அந்தப் பாழாய்ப்போன காசு ஜம்மென்று உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

‘கணக்கு தப்பா, காசு தப்பா?’ என்றார் அதிகாரி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, கெக்கெக்கே என்று. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது, ஆனால் வெளியே வந்தது சிரிப்புத்தான். கையாவது எதையாவது செய்யட்டுமே என்று காசை எடுத்தேன். அது விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். என்ன புத்தியோ, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கில் வைத்துவிட்டேன்.

புளி!

‘யார் இதத் தேச்சது?’

‘நான்தான் டீச்சர்’ என்றாள் அந்தப் பெண், தலையைக் குனிந்தபடி. ‘பெரியவங்க வர்றாங்கன்னு எங்க வூட்ல சொம்பெல்லாம் புளி போட்டுத் தேய்ப்போம். இதுவும் கறுத்துக் கெடந்துச்சு. காலைல தேச்சேன்.’

‘தண்ணில கழுவினியா?’

‘தாவணில தொடச்சேன்.’

சுவரோரம் அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, கழுவிவிட்டுப் பழையபடி செய்யலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

‘கழுவ வாணாம் டீச்சர். கணக்கு தப்பில்ல. உராய்வுதான் மாறிப்போச்சு. இந்தக் காசையே அளக்கறேன்.’

பலகையில் அட்டையை வைத்து மெல்லத் தூக்கினாள். ஒன்பது சென்டிமீட்டர் தாண்டியது. காசு நகரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பதிமூன்றரையில் காசு சறுக்கியது. முப்பதால் வகுத்தாள், புள்ளி நாற்பத்தைந்து. கரும்பலகையில் பழைய விடையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: ஆறு புள்ளி ஆறு. வேகம் நொடிக்கு ஐம்பத்து நாலு.

‘ஆறுல நிக்கும் சார். ஏழுல ஓடிடும்’ என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: ‘ஓடலன்னா நான் படிப்ப நிறுத்திட்றேன்.’

அடிப்பாவி! அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக, பயந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறில் வைத்தாள். விரலால் தட்டைப் பிடித்து மெல்ல விட்டாள். காசு மஞ்சள் கோடாகச் சுற்றியது. நின்றது. நிறுத்தி, காசின் நடுப்புள்ளி ஏழாவது வளையத்தின்மேல் வரும்படி வைத்தாள். தட்டு கிளம்பியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. வேகம் ஏறியது. காசு லேசாக வெளியே நகர்ந்தது, அவ்வளவுதான், சர்ரென்று எகிறி அதிகாரியின் சட்டைப் பையில் மோதித் தரையில் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

ஆறு பசங்களும் ‘ஓ’வென்று கத்த, தலைமையாசிரியர் ‘உஷ், உஷ்’ என்று கையை ஆட்டிக்கொண்டே தானும் சிரித்துவிட்டார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி தன் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். ‘இது கனமாச்சே. இது நிக்குமில்ல?’ என்று தானே ஏழில் வைத்தார்.

‘நிக்காது சார். கணக்குல எட ரெண்டு பக்கமும் வர்றதால அடிபட்டுடும்’ என்றாள் அவள். அவள் சொல்லி முடிக்கவும் ரூபாய் பறக்கவும் சரியாக இருந்தது. அவர் மண்டிபோட்டு அதைத் தேடி எடுத்து மறுபடி ஐந்தில் வைத்தார். மறுபடி பறந்தது. நாலில் வைத்தார். நின்றதும் பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தட்டினார். சிரிப்பே தெரியாத அந்த மனிதர்!

கடைசியில் உட்கார்ந்து எழுதினார். பிரிவு தொடரலாம் என்று எழுதியதைத் தலைமையாசிரியரிடம் காட்டினார். நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகும் அவளுடைய அப்பா போகவில்லை. பலகையையும் தட்டையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கரும்பலகையில் மகள் போட்ட கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்து தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

‘ஏன் டீச்சரம்மா, இது முடிச்சப்புறம் மேல படிக்கணும்னா எங்கங்க போவணும்?’

‘கீழதாங்க. திருப்பத்தூரு, வேலூருன்னு போவணும்’ என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். ‘தங்கறதுக்கு பொம்பளப் புள்ளைங்களுக்கு எடம் இருக்குதாங்க அங்க?’ என்று கேட்டார்.