கறி சமைக்கமாட்டேன் என்று ஒரு வரி

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வளைகுடா நாட்டிலிருந்து சமையல்காரன் வேலைக்கு விசா கடிதம் வந்தது. அப்போது நான் செங்கம் ரோட்டில் ஒரு சைவ மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் பார்த்ததும் என் மனைவி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். நான் அதை அண்ணாமலையார் சன்னிதியில் வைத்து அர்ச்சனையும் செய்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ்.

தேரடித் தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய், அந்த நாட்டில் ஆறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர். அவரிடம் போனோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மஞ்சளைப் பார்த்தார்.

"இன்னாப்பா, கல்யாணப் பத்திரிகையா? அரபி எழுத்து மேல படாம தடவினியே, அது வரைக்கும் சந்தோசம்."

பிறகு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "இந்தக் கம்பெனிதான் உன் ஸ்பான்சர். உனக்கு அவங்க ஜாமீன் மாதிரி."

"ஜாமீனா? இவரு இன்னா தப்பு பண்ணாரு?" என்றாள் என் மனைவி.

"தப்பு இல்லம்மா. இந்த ஆளு எங்க பொறுப்புல வரார்னு அவங்க சர்க்காருக்கு எழுதிக் குடுக்கிறாங்க. அதனால இவங்ககிட்டதான் வேலை செய்யணும். பக்கத்துக் கம்பெனில நல்லா இருக்குனு ஓட முடியாது. இவங்க விட்டுக் குடுத்து எழுதினாத்தான் வேற எடம். ஊருக்கு வரணும்னாலும் இவங்க சம்மதிக்கணும். பாஸ்போர்ட்டையும் வாங்கி வெச்சுக்குவாங்க."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம். முழுசா முடிச்சா டிக்கெட் அவங்களுது. நடுவுல நீயா வந்தா உன்னுது. மொத மூணு மாசம் பார்ப்பாங்க. புடிக்கலேனா அனுப்பிடுவாங்க."

அவள் யோசித்தாள். "இவருக்கு முடியலேனா எங்க தம்பியை அனுப்பலாமா பாய்? அவன் சும்மாதான் இருக்கான்."

"பஸ் டிக்கெட்டாம்மா மாத்திக் குடுக்க? இவரு பேரு, இவரு பாஸ்போர்ட் நம்பர். மூணு மாசத்துக்குள்ள இவரேதான் போய் எறங்கணும்."

கடைசி வரியில் பாயின் விரல் நின்றது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் சமையலறையில் முதலாளி சொல்லும் சமையல் வேலை எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று இருந்ததாம்.

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன். "கறி, மீனுமா?"

"எல்லாம்னா எல்லாம்தான்பா. அறுபது ஆளு இருக்கிற எடத்துல ஆடு இல்லாமலா?"

நான் பிறந்ததிலிருந்து கறி தொட்டதில்லை. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவன். அங்கே போன பிறகு மாட்டேன் என்றால் வேறு இடமும் போக முடியாது, கைக்காசில்தான் திரும்பவேண்டும். போகாமல் இருந்தால், இரண்டு பெண் பிள்ளைகளோடு மெஸ் சம்பளத்தில் ஓட்டவேண்டும்.

விசாவுக்கு ஏற்பாடு செய்த மெட்ராஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் அங்க போய் பேசிக்கலாம் சார்" என்றார். பாயிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயால சொன்னது விமானம் ஏறாதுப்பா. கம்பெனி முத்திரையோட எழுதி வரணும். இல்லேனா ஏறாத."

அவரே கம்பெனிக்கு ஒரு கடிதம் டைப் அடிக்க வைத்து ஏர் மெயிலில் அனுப்பினார். நாலு வாரம். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தாலே நான் கும்பிட ஆரம்பித்துவிட்டேன். "என்னைக் கும்பிட்டு இன்னா ஆவப்போவுது சாமி? அவன் எழுதினாத்தானே நான் குடுப்பேன்" என்பார் அவர்.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. 'இவர் மாமிசமும் மீனும் சமைக்கவேண்டியதில்லை' என்று ஒரே வரி, கீழே வட்டமாக முத்திரை. என் மனைவி மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் மெட்ராஸில் குடிபெயர்வு அலுவலகத்தில் காட்டவேண்டுமே!

அங்கே இருந்த அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "எல்லாரும் சம்பளம் கம்மினு வருவாங்க. நீங்க கறி வேணாம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது போய் இறங்கினேன். கேம்ப் மேனேஜர் என் காகிதத்தைப் படித்து, பெரிய மரியாதையோடு தலையை ஆட்டினார். கறி அடுப்பு ஒரு மலையாளத்துக்காரருக்கு. சாம்பார், ரசம் என்று எதையாவது காட்டுவார் என்று பின்னாலேயே போனேன். ஒரு மூட்டை கோதுமை மாவின் முன்னால் நிறுத்தினார். கேம்பில் பாதிப் பேர் வடநாட்டுக்காரர்கள். வேளைக்கு இருநூறு சப்பாத்தி.

நான் அதுவரை சப்பாத்தி இட்டதே இல்லை. எங்கள் மெஸ்ஸில் அதைக் கேட்டவரும் இல்லை. முதல் நாள் நான் இட்டதைப் பார்த்து ஒரு பஞ்சாபிக்காரர், இது எந்த தேசத்து மேப் என்று கேட்டார். சப்பாத்தி வேண்டாம் என்று என் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. மூணு மாசத்துக்குள் வட்டமாக வரவேண்டும். இல்லாவிட்டால் புடிக்கலே என்று அனுப்பிவிடுவார்கள். சிவ சிவா என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். இரண்டாவது மாதம் அண்ணாமலையார் வட்டத்தைக் கொடுத்தார்.

சப்பாத்தி வட்டமாக வந்த கதையை ஊருக்கு எழுதினேன். மனைவியிடமிருந்து பதில் வந்தது: "கறி தொடலைனு பாயிடம் சொன்னேன், சந்தோசப்பட்டார். ரெண்டு வருசம் ஒழுங்கா போட்டுட்டு வாங்க. இங்க சாயங்காலம் எனக்கும் அடுப்படியில நிக்க முடியலை, வந்து நீங்கதான் சப்பாத்தி போடணும்."