உருதுவில் ஒரு பெருநாள் வாழ்த்து

எங்கள் மேலாளருக்கு எல்லாம் தெரியும். தெரியாதது எதுவும் உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தினமும் அடையாறிலிருந்து காரில் வந்து இறங்குவார், தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் இருந்த எங்கள் பம்ப்செட் கம்பெனியின் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறுவார், நாற்காலியில் உட்காருவதற்குள் யாருக்காவது எதையாவது விளக்கிவிடுவார். எழுபதுகளில் ஏழு வருஷம் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த ஏழு வருஷமும் அவரை மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டேதான் சம்பளம் வாங்கினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களுக்கு அவரவர் பண்டிகையன்று அவரவர் தாய்மொழியிலேயே வாழ்த்துச் சொல்ல வேண்டும், சொன்ன விவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணங்கள் எங்கள் மேலாளர் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது பம்பாய்க்குத் தெரியாதே.

ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பாய்க்கு உருதுல ஒரு வாழ்த்து ரெடி பண்ணணும். கொச்சையா இருக்கப்படாது. சுத்தமான உருது. எங்கே யார்கிட்ட எழுதி வாங்கணுமோ வாங்கிண்டு வாரும்."

பாய் என்றது என் பக்கத்து மேஜைக்காரனை. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் சேர்ந்த முதல் நாளே யாரோ பாய் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. கீழக்கரைப் பக்கத்துக்காரன். தகப்பனார் காலத்திலேயே மயிலாப்பூருக்கு வந்துவிட்ட குடும்பம். மனைவி கார்ப்பரேஷன் பள்ளியில் டீச்சர், இரண்டு பெண்கள் அதே பள்ளியில் தமிழில் படித்தார்கள். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டில் சாப்பிட்டவன் நான். "இன்னுங் கொஞ்சம் வட்டிலப்பம் வச்சுக்கங்க வாப்பா" என்று அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பை அவன் தாயார் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார்.

எங்கள் அலுவலகத்திலேயே அழகான தமிழ் அவனுடையதுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஒரு தபால் அட்டை வரும். பக்கத்து மேஜையில் இருப்பவன் தபாலில் ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டால், "வாழ்த்து வீட்டுக்கு வரணும்டா, ஆபீசுக்கு இல்ல" என்பான். அட்டையில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'பால் பொங்கியதா?' எங்கள் வீடுகளில் பொங்கலன்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அது. வாழ்த்து என்ற சொல்லே வேண்டாம், அதைக் கேட்டாலே போதும். அச்சடித்த அட்டை அனுப்பும் என் சொந்தக்காரர்களில் ஒருவருக்குக்கூட அதைக் கேட்கத் தோன்றியதில்லை. அவனுக்குத் தோன்றியது.

இவ்வளவும் தெரிந்த நான் மேலாளரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சார், அவர் தாய்மொழி தமிழ்" என்று மூன்று வார்த்தை. சொல்லவில்லை. இந்த ஆள் எல்லோர் முன்னாலும் அசடு வழியட்டும், நாம் வேடிக்கை பார்க்கலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் அட்டெண்டருக்கு இருந்த யோக்கியதைகூட எனக்கு இல்லை. தேநீர் கொண்டுவந்தவர் காதில் விஷயம் விழுந்ததும் நேராகவே கேட்டுவிட்டார்:

"இன்னா சார் இது, பாய் நம்மள மாரி தமிழ்தான பேசிக்கினு கீறாரு?"

"அது வெளியில பேசறதுப்பா. ஆத்துல உருதுதான் பேசுவா" என்றார் மேலாளர், நேற்றுத்தான் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர் போல. அட்டெண்டர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

ராயப்பேட்டையில் ஒரு முன்ஷி இருந்தார். உருதுக் கல்யாணப் பத்திரிகைகளைக் கையால் எழுதி அச்சுக்குக் கொடுப்பது அவர் தொழில். நாணல் பேனாவைச் சீவிக்கொண்டே என்னை விசாரித்தார். யார் யாருக்கு எழுதுவது, வயதில் யார் பெரியவர், என்றைக்குக் கொடுக்கப் போகிறீர்கள். மேலாளர் தமக்குக் கீழே வேலை செய்பவருக்குக் கொடுப்பது என்றேன்.

"கீழேயோ மேலேயோ, வாழ்த்துன்னா மரியாதையாத்தான் எழுதணும் சார். அவரை மட்டும் வாழ்த்தினா பத்தாது, வூட்ல இருக்கறவங்களையும் சேத்து வாழ்த்தணும். பிறை பாக்காம குடுத்துறாதீங்க. பெருநாளுக்கு மறுநாள் குடுத்தாலும் தப்பில்ல, முன்னாடி குடுக்கறதுதான் தப்பு."

எழுதி வாசித்துக் காட்டினார். 'ஆப் கோ அவுர் ஆப் கே அஹ்ல்-ஓ-அயால் கோ ஈதுல் ஃபித்ர் முபாரக் ஹோ.' உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்து என்று அர்த்தம் சொன்னார். சாய்ந்து சாய்ந்து இறங்கும் எழுத்து. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத வாழ்த்து, ஆள்தான் வேறு.

பெருநாளுக்கு மறுநாள் எல்லோரையும் மேலாளர் தம் அறையில் கூட்டினார். வாழ்த்தை நீட்டி, "உங்க பாஷையிலேயே எழுதியிருக்கோம். கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்கோ, நாங்களும் கேக்கறோம்" என்றார்.

நான் காத்திருந்த வேடிக்கை இதுதான். 'எனக்கு உருது தெரியாது சார்' என்று அவன் சொல்லப்போகிறான், இந்த மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று ஆவலாக நின்றேன்.

அவன் அப்படிச் சொல்லவில்லை. குர்ஆன் ஓதப் பழகியவனுக்கு அந்த அரபி எழுத்து ஓரளவு பிடிபட்டது. அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தெரிந்த இடத்தில் 'ஈத்' என்றான், நடுவில் ஏதோ முணுமுணுத்தான், கடைசியில் 'முபாரக்' என்றான். பிறகு, "ரொம்ப சந்தோஷம் சார். இவ்வளவு சிரமம் எடுத்திருக்கீங்க" என்று தமிழில் சொல்லிக் கும்பிட்டான். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தான். அது அவன் குணம். எங்கள் யாருக்கும் இல்லாத குணம்.

"பார்த்தேளா, தண்ணி பட்ட பாடு!" என்று மேலாளர் எங்களைப் பார்த்து மார்தட்டிக்கொண்டார்.

வெளியில் வந்ததும் அவன் என்னிடம் கேட்டான்: "நீதான் எழுதி வாங்கிட்டு வந்தியாமே. என்னடா போட்டிருக்கு?" அர்த்தம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மேலாளர் பம்பாய்க்கு விவரம் எழுதினார். எங்கள் ஊழியர் உருது வாழ்த்தைச் சரளமாக வாசித்து மகிழ்ந்தார் என்று தட்டச்சு செய்தவன் நானே. ஹைதராபாத் கிளைக்குப் பழைய நகரத்து வியாபாரிகளிடமிருந்து உருதுவில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, வாசிக்க ஆள் இல்லை. பம்பாய்க்குக் கணக்கு நேராகிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் அவனுக்கு ஹைதராபாதுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

அவன் முகம் வெளிறிப்போனதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மனைவிக்கு இங்கே கார்ப்பரேஷன் வேலை, பெண்களுக்கு இங்கே பள்ளிக்கூடம், தாயாருக்கு இப்போது கண் தெரியவில்லை. போனால் அவன் தனியாகத்தான் போக வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுடா. நான் சொன்னா மாற்றலுக்குப் பயந்து பொய் சொல்றேன்னு நினைப்பார். எங்க வீட்ல என்ன பேசறோம்னு உனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் உள்ளே போனோம். அவன் சொன்னதைக் கேட்டு மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் கண்ணு முன்னால வாசிச்சீரே ஐயா!" என்றார். தப்பு என்று ஒப்புக்கொண்டால் பம்பாய்க்கு எழுதிய விவரமும் தப்பாகிவிடும். அந்த மனிதர் தம் காலை வெட்டிக்கொண்டாலும் கொள்வார், அதைச் செய்யமாட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவாத்துல உருது பேசறதில்லைன்னு உமக்குத் தெரியுமா? தெரியும்னா சொல்லும். இவர் போகலைன்னா யாராவது போய்த்தானே ஆகணும். அடுத்த சீனியர் நீர்தான். ஹைதராபாதுக்குப் போய் உருது கத்துக்கறீரா?"

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். இதை ஒரு காரணமாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிக்கொள்வதில்லை. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

"வீட்ல என்ன பேசுவாங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது சார்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி சார், போறேன்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். மேலாளரை ஏளனம் செய்ய எனக்கு என்ன அருகதை? அவர் தெரியாமல் உளறினார். நான் தெரிந்தே உளறினேன்.

அந்தப் பொங்கலுக்கு அட்டை வரவில்லை. அடுத்த ரம்ஜானுக்கு நான் எழுதினேன். மூன்று அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு நான்காவதில், முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்: 'நோன்பெல்லாம் நல்லபடியாக நிறைவேறியதா? உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் பெருநாள் வாழ்த்து. அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.' கடைசி வரி பொய் ஆகக் கூடாதே என்று அட்டையைத் தபாலில் போடும் முன் மயிலாப்பூருக்குப் போனேன். தாயார் என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க வாப்பா, சாப்பிட்டீங்களா" என்றார். அவன் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

பொங்கலுக்கு ஹைதராபாதிலிருந்து ஒரு அட்டை வந்தது. முகவரி மட்டும் ஆங்கிலத்தில். மற்றதெல்லாம் உருது. சாய்ந்து சாய்ந்து இறங்கும் அதே எழுத்து. கற்றுக்கொண்டுவிட்டான்.

ராயப்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். முன்ஷி கண்ணருகே வைத்துப் படித்தார்.

"பொங்கல் வாழ்த்து சார். ஒங்களுக்கும் ஒங்க குடும்பத்துக்கும். ஒரு தப்பு கிடையாது, ரொம்ப மரியாதையா எழுதிக்கீறாரு. ஆபீஸ் பெரியவருங்களா?"

"இல்லை. சிநேகிதன்."

அவர் மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "சிநேகிதனுக்கு இப்டி எழுத மாட்டாங்களே சார். இது முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு எழுதறது."

"பால் பொங்கியதான்னு எங்கேயாவது கேட்டிருக்கானா? முதல் வரியைப் பாருங்க."

விரலை வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாகத் தேடினார்.

"பாலா? பாலைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்" என்று அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.