அண்ணன் பேரில் போட்ட பில்

விழுப்புரத்தில் ஒரு பம்புசெட் கடையில் பதினோரு வருஷமாக பில் போடுகிறேன். பழைய வாடிக்கையாளர் வந்தால் நாங்கள் பேர் கேட்பதில்லை. போன் நம்பர் கேட்போம். நம்பரை அடித்தால் கம்ப்யூட்டரில் பேரும் ஊரும் தானாக வந்து நிற்கும். ஜல்தியாக வேலை முடியும். அந்த ஜல்திதான் என் தலையில் மண்ணைப் போட்டது.

மார்ச் கடைசி வாரம். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா மோட்டார் வாங்க வந்தார். அவர் வீட்டுக்காரர் எங்கள் கடைக்குப் பல வருஷப் பழக்கம்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முந்தின ஐப்பசியில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். துக்கத்துக்கு முதலாளியோடு நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தவன்தான். நிலம் அக்கா பேருக்கு மாறி, மோட்டாருக்குப் பாதி விலை மானியம் அவர் பேரில் அனுமதியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் வாங்கி, திண்டிவனம் வேளாண் ஆபீஸில் பில்லைக் கொடுக்க வேண்டும். மகளிர் குழுவில் கடன் எடுத்து முழுப் பணமும் கட்டினார். நம்பர் கேட்டேன், சொன்னார். அடித்தேன், பில் வந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேரை நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அந்த பில்லோடு திரும்பி வந்தார். திண்டிவனம் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, பில்லு அவரு பேர்ல கீதாம். செத்தவருக்கு எப்படி மானியம் தர்றதுன்னு கேக்கறாங்க."

அவர் பயன்படுத்துவது இன்னும் வீட்டுக்காரரின் போன் நம்பர்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. மடையன், மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"பேரை மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துடு" என்றார் முதலாளி.

"முடியாதுங்க. பழைய பில்லு நகல் ஆபீஸ் ஃபைல்ல கீது. ஒரே பில் நம்பர்ல ரெண்டு பேர்னா போலி பில்லுன்னு அக்கா மேலதான் பழி வரும்."

பழைய பில்லை ரத்து செய்யக் கிரெடிட் நோட் போட்டு, அக்கா பேரில் புது பில் போடுவதுதான் ஒரே வழி. ஆனால் புது பில்லில் அன்றைய தேதிதான் வரும். கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. முன்தேதி போடவும் கம்ப்யூட்டரில் வழியில்லை. அதனால் கடை லெட்டர்பேடில் அக்காவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதையே ஆபீஸிலும் கொடுக்கலாம் என்று எண்ணம். 'கம்ப்யூட்டர் கோளாறுன்னு போடு' என்றார் முதலாளி. எனக்குக் கோபம் வந்தது. கம்ப்யூட்டரா பேரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது?

'தாங்கள் மார்ச் மாதமே மோட்டார் வாங்கி முழுத் தொகையும் செலுத்திவிட்டீர்கள். பில்லில் தங்கள் கணவர் பெயர் அச்சானது எங்கள் தவறு. பெயரைச் சரிபார்க்காதது பில் போட்டவரின் பிழை. அதனால் தங்களுக்கு நேர்ந்த அலைச்சலுக்கும் வேதனைக்கும் மன்னிக்க வேண்டுகிறோம். அந்த பில்லுக்குக் கிரெடிட் நோட் போட்டு, தங்கள் பெயரில் புதிய பில் இணைத்துள்ளோம். எங்கள் கணக்கிலும் பெயரைத் திருத்திவிட்டோம். பில் போட்டவரே தங்களுடன் அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்குவார்.'

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'வேதனைக்கும்' என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் திண்டிவனம் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"தப்பு உங்களோடதுன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. ஆனா போன வருஷ நிதி மார்ச்சோட முடிஞ்சிடுச்சு. நான் கையெழுத்துப் போட்டாலும் மேல நிக்காது. புதுசா விண்ணப்பிக்கலாம்னா, வாங்கின மோட்டாருக்கு மானியம் கிடையாதும்மா."

படி இறங்கும்போது அக்கா கேட்டார்: "அப்ப அடுத்து இன்னா தம்பி பண்றது?"

"முதலாளிகிட்ட பேசிட்டு நானே போன் பண்றேங்க்கா."

பேசினேன். "அதான் லெட்டர் குடுத்தோமே, கையிலிருந்தா குடுக்க முடியும்?" என்று முடித்துவிட்டார். மானியத் தொகையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, பயந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் கண்ணில் நின்றது. கடிதத்தில் பொறுப்பு என்னுடையது. கடனுக்கு வாரத் தவணை கட்டுவது அக்கா.

நான் போன் பண்ணவில்லை. நாலாம் நாள் மதியம் அக்காவே கூப்பிட்டார். என் போனில் வந்தது அண்ணன் பேர். கடைக் கணக்கில் மாற்றியவன் என் போனில் மாற்றவில்லை. அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே, மணி அடித்து ஓயும் வரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.