மண்டபத்துக்குள் ஆட்களை நிறுத்தியது

கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விமான நிலையத்தின் புறப்பாட்டு மண்டபத்தைக் கணினியில் படமாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மறுநாள் அதை விமான நிலைய அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். சரிவராவிட்டால் படவேலை முழுவதையும் வெளியாருக்குக் கொடுத்துவிடுவார்கள். என்னைச் சேர்த்ததே அந்த வேலைக்குத்தான்.

வழக்கம்போல் வரிசை எழுதிக்கொண்டேன்: கூரை, கண்ணாடி, வெளிச்சம், செக்-இன் கவுண்டர்கள், தரை, கடைசியாக ஆட்கள். ஆட்கள் வெறும் நிரப்பல் என்பது என் எண்ணம். புகைப்படங்களிலிருந்து வெட்டியெடுத்து, இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒட்டினேன்.

எங்கள் அலுவலகத் தலைவர் பார்த்துவிட்டு, "உஸ மதி நே?" என்றார் சிங்களத்தில். உயரம் போதாதாம். கூரையை ஏற்றினேன். "இன்னும் மதி." இன்னும் போதாதாம். மறுபடி ஏற்றினேன். மண்டபம் அப்போதும் பஸ் நிலையம் போலவே இருந்தது. பொறியியலாளரின் வரைபடத்தில் இருந்த உயரத்தையும் தாண்டிவிட்டேன். அதிகாரிகள் ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், கொட்டாஞ்சேனை முஸ்லிம் பெண், பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கூரைய உசத்தி உசத்தி எங்க போகப் போறீங்க, சந்திரனுக்கா?"

"பகிடி விடாதீங்க. நாளைக்கு என்ர வேலை போகப்போகுது."

"அந்தக் கடைசி வரிசையில நிக்கிற மனுசனப் பாருங்க. கவுண்டர்ல இருக்கிற பிள்ளய தூக்கிப் பொக்கெட்ல போட்டுருவார் போல ஈக்கி."

சிரித்தபடியே, அளவு எடுக்கும் அடிமட்டம் ஒன்றைத் திரையின் குறுக்கே கோடுபோல, கண்மட்டத்தில் பிடித்தாள். நின்றபடி பார்க்கும் ஒருவரின் கண் உயரத்தில்தான் எங்கள் பார்வைப்புள்ளி. சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தலைகள் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே வர வேண்டும். பாதங்கள்தான் தூரம் போகப் போகக் கோட்டை நெருங்கும். படித்ததுதான். ஆனால் நான் ஒட்டிய தூரத்து ஆட்களின் தலைகள் கோட்டுக்கு மேலே மிதந்தன. அவர்களின் பருமன்தான் மண்டபத்தைச் சுருக்கியிருந்தது.

தன் வேலையை ஒதுக்கிவிட்டு என்னோடு உட்கார்ந்தாள். கூரையைப் பழைய உயரத்துக்கு இறக்கினோம். ஆட்களை ஒவ்வொருவராகச் சின்னதாக்கினோம், பிள்ளைகளின் தலை கோட்டுக்குக் கீழே. கூரைக் கண்ணாடியின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொருவர் காலடியிலும் மெல்லிய நிழல் வைத்தோம். கவுண்டர்கள் நீண்டு பின்வாங்கின. இறக்கி வைத்த கூரை தானாக மேலே போனது போலிருந்தது.

மறுநாள் அதிகாரிகளில் ஒருவர் படத்தைப் பார்த்தபடி நாடியை நிமிர்த்தினார், உண்மையாகவே மேலே பார்ப்பவர் போல. பிறகு, வரிசைகளுக்கிடையே தள்ளுவண்டிகள் இரண்டு விலகிப்போக இடம் இருக்கிறதா என்று பொறியியலாளரிடம் கேட்டார். படத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. மண்டபத்தைப் பற்றியே பேசினார்கள். வருகை மண்டபத்தின் படமும் எனக்கே வந்தது.

அவளுக்கு வாழையிலையில் பொதிந்த லம்ப்ரைஸ் சோறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள். "வருகை மண்டபத்துக்கு ரெண்டு."

இப்போதெல்லாம் என் வரிசையில் முதலில் ஆட்கள். அவளுக்கு நன்றி.