சாம்பல் அக்காவின் ‘சரி’

எங்கள் ஊர்ப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்குப் பயப்படுவோம். பெரிய கேமராக்காரருக்கு அல்ல, பணம் கொடுக்கும் வாடிக்கையாளருக்கும் அல்ல. பிரிண்ட் போடும் கடையின் பின்னறையில், சாம்பல் நிறச் சுவருக்கு எதிரே, சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாம்பல் அக்காவுக்கு. பளிச்சென்ற துணி உடுத்தினால் அதன் நிறம் பிரிண்டின் மேல் அடிக்கும், கண்ணை ஏமாற்றும் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் அந்தக் கோட்டைக் கழற்றாதவர். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

கடையில் இருந்து வெளியே போகும் ஒவ்வொரு பிரிண்டையும் பார்த்து அனுப்புவதுதான் அவருக்கு வேலை. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் முதலில் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராக வைத்தால் முகம் நம்மிடம் பேச ஆரம்பித்துவிடும், பேச்சில் மயங்கி மற்றதைக் கோட்டை விட்டுவிடுவோம் என்பார். பிறகு பென்சிலால் இருட்டான இடத்தில் ஒரு வட்டம் போட்டு, “இங்க என்ன துணி?” என்று கேட்பார். வெளிச்சமான இடத்தில் இன்னொரு வட்டம். “இது என்ன பொருள்?” பிரிண்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், ஞாபகத்தில் இருந்து சொல்லக் கூடாது. பதில் வராவிட்டால் படம் வீட்டுக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே வார்த்தை, “சரி.” அதற்கு மேல் அவரிடம் பாராட்டை எதிர்பார்ப்பது கல்லில் நார் உரிக்கிற கதை.

நகர மண்டபத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு என்னுடைய ஒரே ஒரு படம் தேர்வாகியிருந்தது. என் அப்பாவின் படம். முப்பத்தைந்து வருஷமாக வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர். “பட்டனை அமுக்குறதெல்லாம் ஒரு வேலையாடா?” என்று என்னைக் கேட்டவர். அந்தப் படத்தை அவர் வந்து பார்த்து வாயை மூட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேறு யார் பார்த்தால் எனக்கென்ன.

படத்தில் அவர் பட்டறை நடுவில் நிற்கிறார். கருநீல உடுப்பு. முகமூடியைப் பிடித்த கை கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் செம்மண் நிறப் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. ஓரத்தில் இன்னொருவர் வெல்டிங் வைக்கிற பொறி வெளிச்சம். நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தகடு கண்ணைப் பிடுங்கியது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். சிவப்பும் ஆரஞ்சும் வெளுப்பாக வரும்படி ஏற்றிவிட்டதும் அப்பாவின் தோல் பளபளவென்று வந்தது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, கான்ட்ராஸ்டை, ஒரு இழுப்பு இழுத்தேன். லேப்டாப்பில் பார்த்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

அக்கா படத்தைத் தலைகீழாக வைத்தார். மார்புப் பக்கம் ஒரு வட்டம்.

“இங்க என்ன துணி?”

“உடுப்புக்கா.”

“உடுப்புன்னு எப்படித் தெரியுது? எனக்குத் தார் கொட்டின மாதிரி இருக்கு. மடிப்பு எங்க, எண்ணெய்க் கறை எங்க?”

“ஸ்கிரீன்ல இருந்துச்சே அக்கா.”

“உங்க ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுசா ஏத்தி வெச்சிருப்பீங்க. காகிதத்துக்குள்ள பல்பு இருக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஹிஸ்டோகிராம், அந்த வெளிச்ச வரைபடத்தைப் பாருங்க. கறுப்பு முனையில இருந்து வெள்ளை முனை வரைக்கும் போகுது” என்றேன்.

“ரெண்டு கரையையும் தொட்டா போதுமா தம்பி? நடுவுல ஆத்துல தண்ணி வேணாமா?” என்று கையின் மேல் அடுத்த வட்டத்தைப் போட்டார். “இது யாரு கை?”

“எங்க அப்பா கை.”

“என்ன வேலை பாக்குறாரு?”

“வெல்டர்.”

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு அட்டையை எடுத்து முகத்தையும் பட்டறையையும் மறைத்து, கை மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினார். “வீட்டுக்குக் கொண்டு போய் உங்க அம்மாகிட்ட காட்டுங்க. எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்க. யாரு கைன்னு அவங்க சரியா சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்.”

பந்தயம்தானே என்று துள்ளிக்கொண்டு போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“அழகா இருக்குடா. யாரு கை? டாக்டரா?”

“நல்லா பாரும்மா.”

“நல்லாத்தான் பாக்குறேன். ஒரு நாளாவது சூடு பட்ட கையா இது?”

முப்பது வருஷம் அந்தக் கைக்கு மருந்து போட்டவள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. பொறி பட்ட தழும்புகள் எல்லாம் சிவப்பும் பழுப்பும். நான் வெளுக்க வைத்தது அதே சிவப்பையும் ஆரஞ்சையும்தான். தோலோடு சேர்ந்து தழும்பும் வெளுத்துக் கரைந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தை நான் ஒரு விரலால் துடைத்திருந்தேன்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். அக்கா “என்ன ஆச்சு?” என்றுகூடக் கேட்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சிவப்பைக் குறைத்தோம். தழும்புகள் ஒவ்வொன்றாகக் கருத்து மேலே வந்தன. ஆனால் பின்னால் இருந்த தகடும் சிவப்புதானே! அதுவும் இருண்டுபோய், கருநீல உடுப்பு அதற்குள் மூழ்கிவிட்டது. தலைவலி போய்த் திருகுவலி வந்த மாதிரி. அதனால் அந்தக் குறைப்பைக் கைக்கும் முகத்துக்கும் மட்டும் வைத்து, தகட்டை நடுச் சாம்பலில் நிறுத்தினோம். உடுப்பு தெரிய நீலத்தை ஏற்றினேன்.

“போதும், நிறுத்துங்க. இன்னும் ஏத்தினா துணி மேல மணல் தூவின மாதிரி புள்ளி வந்துடும்.”

நான்கு டெஸ்ட் பிரிண்ட் போட்டோம். ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கை நீளத்தில் பார்த்து, பிறகு எட்டடி தள்ளி நின்று பார்த்தார். நான்காவதில் உடுப்பின் மடிப்பு, எண்ணெய்க் கறை, தகட்டில் தூரிகை போன தடம், எல்லாம் இருந்தன. முகமூடியின் கீழ் நிழல் மட்டும் முழுக் கறுப்பு. அது அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் சோகை பிடித்துப்போகும் என்றார். கடைசி வட்டம் ஓரத்துப் பொறியின் மேல் விழுந்தது.

“இது வெறும் வெள்ளை. ஒண்ணுமே இல்லை.”

இந்த இடத்தில் நான் விடவில்லை. “அது பொருள் இல்லக்கா, வெளிச்சம். வெறும் கண்ணால பாக்கவே கூடாதுன்னு அப்பா சொல்வாரு. அதுல போய் என்ன தேடுறது?”

பென்சில் அங்கேயே நின்றது. பிறகு ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தார். அவர் வட்டத்தை அழித்து நான் பார்த்ததே இல்லை. “சரி” என்றார்.

கண்காட்சி அன்று மாலை அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படத்தின் முன் நின்றார். பிறகு விரலைக் காகிதத்தில் படாமல் நீட்டி ஒவ்வொரு தழும்பாகக் காட்டி, “இது பள்ளிக்கூட இரும்புக் கேட்டு செஞ்சப்ப பட்டது. இது தண்ணித் தொட்டி. இது, நீ பொறந்த அன்னிக்கு. அவசரமா கிளம்பறப்ப பட்டது” என்றார். எனக்கு அது எதுவும் தெரியாது. பட்டனை அமுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் கேட்கவில்லை.

அப்போது கிளிப்பச்சை உடையில் ஒரு அம்மாள் எங்களை நோக்கி வந்தார். அக்கா என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. நேராக அப்பாவிடம் போய், “அண்ணே, கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

அப்பா திகைத்துப்போய்ச் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். பென்சில் இருந்திருந்தால் வட்டம் போட்டிருப்பாரோ என்னவோ.

“சரி” என்று அப்பாவின் கையை விட்டார். “கை அப்படியே படத்துல இருக்கற மாதிரிதான் இருக்கு.”

அப்பா சட்டைக் கையை இறக்கிவிடவில்லை. மண்டபம் மூடும் வரை அப்படியே நின்றார்.