நைனாவின் ஆரஞ்சு நிறம்

டி.பி. மாத்திரை ஆரம்பித்ததும் நைனாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது. மருந்தின் நிறம்தான் என்றார் நர்ஸ். அதனால் பிறகு அது கருத்தபோதும் சும்மா இருந்துவிட்டோம். வாந்தியெடுத்து, கண் மஞ்சளான பிறகுதான் ரத்தம் பார்த்தார்கள். ஈரல் கெட்டிருந்தது. எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள்.

ஈரல் தேறியதும், இடையிடையே ரத்தம் பார்த்து ஒவ்வொரு மருந்தாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். முதல் மருந்திலேயே ஆரஞ்சு திரும்பியது.

"மறுபடி ஈரலைத் தின்னுது!" என்று நைனா கத்தினார்.

"அது மருந்து கலர், நைனா!" என்று நானும் கத்தினேன்.

அடுத்த பரிசோதனையில் ஈரலுக்கு ஒரு குறையுமில்லை. செஞ்சிக் கோட்டையையே பிடித்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"சிறுநீர் எப்படிப் போகுது?" என்றார் டாக்டர்.

"தண்ணியாட்டம் தெளிவா போவுது," என்றார் நைனா பெருமையாக.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "மாத்திரையை முழுங்கினா தெளிவா போகாதே."

நைனா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.