பரீதா கேட்ட கொளுக்கி

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாலமுனையிலிருந்து பரீதாவின் உடன்பிறந்த மூத்தவர், அவளுடைய ராத்தா, வந்து வாசலில் நின்றார். "பரீதா மௌத்தாயிட்டா" என்றார். காய்ச்சலில் இறந்துபோனாளாம். ஒவ்வொரு தறியாக நின்றது. அந்தக் கவலைக்குள்ளும் எனக்கு ஒன்று பட்டது: குடும்பத்தில் ஒருவர் அவளைப் பரீதா என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மருதமுனையில் எங்களோடு தறி மிதித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்ந்தவள் பரீதா. தெருவில் அவளுக்கு ஒரு பட்டம் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை.

வேலை கேட்டு வந்த அன்று, பின்னாலுள்ள நூல் அறையில் ராட்டை சுற்றச் சொன்னார் தறிக்கூட முதலாளி ஹாஜியார். இடுப்பில் உடுத்தும் சாரன் வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவருக்கு எண்ணம். அவள் அசையவில்லை. "எல்லாருக்கும் வைக்கிற சோதினைய எனக்கும் வைங்க ஹாஜியார். தோத்தா நானே ராட்டைக்குப் போறன்."

எங்கள் சோதனை உங்களுக்குத் தெரியும். ஒரு சாரன் நெய்ய வேண்டும். மூட்டித் தைக்கும்போது இரு பக்கத்துக் கட்டமும் நேராய்ச் சந்திக்க வேண்டும். பரீதாவின் கட்டங்கள் சந்திக்கவில்லை, ஒன்றையொன்று கண்டும் காணாததுபோலப் போயின. ஹாஜியார் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "சரியான கோணல்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ராத்தா, உங்கட முதல் சாரன் எப்படி?"

"இதவிடக் கோணல்" என்றேன். அடுத்த தறிக்காரி, தன் முதல் சாரனைப் போர்த்திவிட்டால் ஆடுகூட வெட்கப்படும் என்றாள். கோணலாய் நெய்த எங்களையெல்லாம் எடுத்த மனிதர் அவளை மட்டும் எப்படி அனுப்புவார்? தறி கிடைத்தது. எங்களுக்குத் தந்த அதே கூலி. எங்கள் வழக்கப்படி, முதல் சாரனைப் பக்கத்துத் தறிக்காரியான எனக்குத் தந்தாள்.

பேர் விஷயத்திலும் அவள் தெளிவு. சேமலாப நிதிக் காகிதத்தில் அடையாள அட்டையில் உள்ள பேர்தான் போக வேண்டும் என்று கிளார்க் சொன்னார். "காகிதத்துக்கு அது போகட்டும். கூப்பிடக்குள்ள பரீதா எண்டு கூப்பிடுங்க" என்றாள். சாயம் போடும் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்போம், அவர் மட்டும் விடவில்லை. பட்டம் சொல்வார், அவளைப்போல நடந்து காட்டுவார். ஹாஜியார் அவரைத் தனியே கூப்பிட்டுக் கண்டிக்கப் பார்த்தார். "எல்லாருக்கும் முன்னால சொன்னத எல்லாருக்கும் முன்னால நிப்பாட்டுங்க" என்றாள் பரீதா. அப்படியே நடந்தது. மறுபடி சொன்னால் வேலை இல்லை என்று சாயத் தொட்டியடியில் எல்லாரும் கேட்கும்படி ஹாஜியார் சொன்னார். காக்கா பிறகு பேர் சொல்லிக் கூப்பிடப் பழகினார். முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆனாலும் அவள் வேலையை விடப் பார்த்தாள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தறி மிதிப்பாள். ஒருநாள் "நாளைக்கு வரல்ல ராத்தா" என்றாள். துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். ஆண்கள் கக்கூசுக்குப் போனால் கேலி. பெண்கள் கக்கூசுக்கோ கதவில்லை, சாக்குத் திரைதான். அடக்கி அடக்கி மூத்திரக் கடுப்பு வந்துவிட்டது.

நான் ஹாஜியாரிடம் போனேன். நல்ல மனம்தான், உடனே மேசனைக் கூப்பிட்டு, சாயக் கொட்டிலுக்கு அப்பால் அவளுக்கென்று தனியாய் ஒன்று கட்ட அளவெடுக்கச் சொன்னார். பரீதா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தனியாக் கட்டினா, நான் வேற எண்டு சுவர் வெச்சுச் சொல்ற மாதிரி. எனக்கு வேணும் ஒரு கதவு. உள்ளால ஒரு கொளுக்கி."

பெண்கள் கக்கூசுக்குக் கதவு போட்டு அவளும் அங்கே வரலாமா என்று பெண்களிடம் கேட்டோம். ஒரு மாமி முகத்தைச் சுளித்தார். "அவ உள்ளுக்க இரிக்கக்குள்ள நான் எப்படிப் போற?"

"கொளுக்கி போட்டிருந்தா நீங்க எப்படி மாமி உள்ளுக்க வருவீங்க?" என்றாள் பரீதா.

மாமிதான் முதலில் சிரித்தார். அத்தனை காலமும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நின்றோம். காற்றடித்தால் திரையோடு மானமும் பறக்கும். எங்கள் யாருக்கும் கதவு கேட்கத் தோன்றவில்லை. கல்முனைக் கடையில் பித்தளைக் கொளுக்கி வாங்கி வந்தது அந்த மாமிதான். கதவு போட்ட அன்று போய்வந்தவர்களெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு வந்தார்கள். பரீதா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மறுநாளும் வந்தாள், காய்ச்சல் விழுத்தும்வரை வந்தாள்.

கோணல் சாரன் என் பெட்டியில் இருக்கிறது. பரீதாவின் தறியில் இப்போது என் பேத்தி நெய்கிறாள், அவளுடைய முதல் சாரனும் கோணல்தான். பேத்தி எழுந்து பின்பக்கம் போகிறாள். அவளுக்கு யாரும் காவல் நிற்பதில்லை. உள்ளிருந்து கொளுக்கி விழும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும். பரீதா, நீ உள்ளே இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு நெய்கிறேன்.